இரண்டாம் முறை கேட்ட விடுப்பு

கோல சிலாங்கூரிலிருந்து செகிஞ்சான் போகும் சாலையில், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே மூன்று கண்ணாடிக் கலன்களைத் தன் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தவள் தனேஸ்வரி. முப்பத்து நான்கு வயது. கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவரின் மூத்த மகள். முனைவர் பட்டம் வாங்கிய பிறகு ஒப்பந்தத்தில் சேர்ந்த ஆய்வாளர்.

பாமாயில் ஆலையிலிருந்து வெளியேறும் கழிவுநீரைத் தின்று எரிவாயு தரும் நுண்ணுயிர்கள் அந்தக் கலன்களுக்குள் வாழ்ந்தன. தினமும் காலையில் கலனிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டு அதே அளவு புதுக் கழிவுநீரை ஊற்ற வேண்டும். பிஎச் அளவைப் பார்க்க வேண்டும். அது ஏழைவிட்டுக் கீழே இறங்கினால் உள்ளே புளிக்கிறது என்று பொருள். புளிப்பு ஏறினால் எரிவாயு தரும் உயிர்கள் ஒடுங்கிப்போகும். சோதனை மொத்தம் நூற்று இருபது நாள்; அவள் ஒப்பந்தமும் அதோடு முடியும். எழுபத்தொன்றாம் நாளில் தனேஸ்வரி விடுப்புக் கேட்கப் போனாள்.

கூடத்தின் தலைவர் டாக்டர் புனிதவதி. ஐம்பத்தாறு வயது, அதிகம் சிரிக்காதவர். பத்து நாள் என்றதும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மூன்றாவது கலனுக்குத்தான் தீனி அதிகம், அது இப்போதுதான் நிலைக்கு வந்திருக்கிறது, முப்பது நாள் அப்படியே ஓடினால்தான் கணக்கில் சேரும் என்றார். எல்லாம் தனேஸ்வரிக்குத் தெரிந்ததுதான். என்ன காரணம் என்று டாக்டர் கேட்டபோது, குடும்ப விஷயம் என்று மட்டும் சொன்னாள். வீட்டு அழுகையை அலுவலகத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அவள் பிடிவாதம்.

"யார் பார்த்துக்குவாங்க?"

"குகன் பார்த்துக்கிறேன்னு சொன்னாரு டாக்டர்."

குகன் ரவாங்கிலிருந்து வருகிறவன். அவளைப் போலவே ஒப்பந்த ஆய்வாளன், இரண்டு வயது இளையவன். அடுத்த அறையில் பாசி வளர்க்கிறான். அவனை அழைத்து விசாரித்த பிறகு டாக்டர் கையெழுத்திட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. ஏதாவது ஒரு கலன் கெட்டால் தனேஸ்வரி அன்றைக்கே திரும்பிவிட வேண்டும். அவள் தலையாட்டினாள்.

பிறகு இரண்டு நாள் குகனோடு நின்று எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தாள். ஐந்து பக்கத்தில் எழுதியும் வைத்தாள். எந்தக் கலனுக்கு எத்தனை மில்லி, சூடு முப்பத்தேழு, பிஎச் 6.8க்குக் கீழே போனால் தீனியை நிறுத்தி யாரைக் கூப்பிடுவது என்று. "க்கா, கல்யாணம் பண்ணிக் குடுக்கிற மாதிரி அழுதுடாதீங்க லா," என்று குகன் கேலி செய்தான். அவள் மூன்றாவது கலனின் மூடியை இன்னொரு முறை சரிபார்த்தாள்.

அவள் சொல்லாத காரணம் தங்கை நித்தியா. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போய், மூன்றாவது இப்போது முப்பத்தேழு வாரம். அம்மா இறந்து ஆறு வருடம். கணவன் சேதுவுக்குச் சிங்கப்பூரில் வேலை. பிரசவத்தன்றுதான் வர முடியும். விடுப்பின் ஆறாம் நாள் காலையில் அறுவை என்று மருத்துவர்கள் தேதி குறித்திருந்தார்கள். "நீ பக்கத்துல இருந்தா நான் தைரியமா போவேன்" என்று நித்தியா போனில் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்துக்காகத்தான் தனேஸ்வரி கெர்லிங் போனாள்.

முதல் நான்கு நாள் குகன் குறிப்பேட்டைப் படமெடுத்து அனுப்பினான். எரிவாயு கொஞ்சம் குறைந்திருந்தது, பிஎச் சரியாக இருந்தது. பெரிதாகப் படவில்லை. ஐந்தாம் நாள் எரிவாயு சட்டென்று ஏறியது. நித்தியாவை மருத்துவமனையில் சேர்க்கும் அலைச்சலில் அவள் அந்தப் படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆறாம் நாள் காலை எட்டரை மணி. நித்தியாவுக்குப் பச்சை அங்கி போட்டாயிற்று. சேது வழியில் வந்துகொண்டிருந்தான். அப்போது குகன் கூப்பிட்டான். அவன் குரலில் கேலி இல்லை.

"க்கா, மூணாவதுல பிஎச் 6.6. மத்த ரெண்டும் தாங்குது. தீனி நிறுத்திட்டேன். நீங்க எழுதினபடியேதான் செஞ்சேன், சத்தியமா."

அவள் வராந்தாவுக்கு வந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். சூடு சரி. அளவு சரி. கலக்கும் கருவி சுற்றுகிறது. கடைசியாக, கழிவுநீர் இருக்கும் தீனி கேனை எப்படி எடுக்கிறாய் என்று கேட்டாள். குளிர் அறையிலிருந்து எடுத்து, மூடியைத் திறந்து, அளவுக் குவளையில் ஊற்றுவேன் என்றான்.

"குலுக்கிட்டு ஊத்துனியா?"

"குலுக்கணுமா க்கா?" என்றான். அவளுக்கு விளங்கிவிட்டது. ஆலைக் கழிவுநீர் நிற்க நிற்கச் சக்கை அடியில் படியும். நான்கு நாளும் மேலே நின்ற தெளிந்த நீரைத் தின்ற கலனுக்கு, ஐந்தாம் நாள் அடிக்குழம்பு போயிருக்கிறது. பட்டினி கிடந்த வயிற்றில் விருந்தைக் கொட்டியது போல. கேனைத் தலைகீழாகப் புரட்டிக் குலுக்குவது இரண்டு வருடமாக அவள் கை தானாகச் செய்கிற வேலை. அதனால்தான் ஐந்து பக்கத்தில் அந்த ஒரு வரியை எழுத மறந்திருக்கிறாள். காட்டிக் கொடுத்த இரண்டு நாளும் பேசிக்கொண்டே குலுக்கியிருப்பாள். அவன் அளவுக் குவளையைப் பார்த்திருப்பான்.

டாக்டருக்கு நான் சொல்லிவிட்டேன், என் மேல் கோபமாக இருக்கிறார் என்றான் குகன்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். நித்தியா வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இங்கிருந்து கூடத்துக்கு ஒன்றரை மணி நேரம். நிபந்தனைக்குத் தலையாட்டியவள் அவள்தான். டாக்டரை அழைத்தாள்.

"டாக்டர், குகன் மேல தப்பு இல்ல. கேனைக் குலுக்கணும்னு நான் எழுதல. தப்பு என்னோடது."

முதல் முறை விழுங்கியதையெல்லாம் இந்த முறை விழுங்கவில்லை. போன இரண்டு பிள்ளைகளை, அம்மா இல்லாததை, பச்சை அங்கியை, எல்லாவற்றையும் சொன்னாள்.

"திரும்பி வரணும்னு ஒத்துக்கிட்டேன். இப்ப வர முடியல டாக்டர். மறுபடியும் லீவு கேக்குறேன்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" குரலில் கண்டிப்பு இருந்தது. பிறகு அது தணிந்தது. "நான் என்ன, கல்லா? நான் இப்ப கலன் முன்னாடிதான் நிக்கிறேன். புளிப்ப முறிக்க பைகார்பனேட் எவ்வளவு போடணும்னு உன் தாள்ல இருக்கு. காலையும் சாயங்காலமும் நானே பிஎச் பார்க்குறேன்."

"முப்பது நாள் கணக்கு போயிடுமே டாக்டர்."

"போவும். மூணாவதுக்கு முதல்லேருந்து எண்ணணும். உன் ஒப்பந்தத்த நீட்டச் சொல்லி எழுதுறேன், கிடைக்குமான்னு தெரியாது. அத வந்து பேசலாம். போனை வச்சிட்டு உள்ள போ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தாதி படுக்கையின் சக்கரத் தடையை எடுத்துவிட்டிருந்தாள்.

"லேப்லேருந்தா க்கா?" நித்தியாவின் உதடு காய்ந்திருந்தது. "போவணுமா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"கேட்டுட்டேன்டி. குடுத்துட்டாங்க."

நித்தியா அக்காவின் கையை இறுகப் பிடித்தாள். அறுவை அறையின் கதவுவரை விடவில்லை. கதவு மூடிய பிறகு தனேஸ்வரி அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றாள். நாற்பது நிமிடம் கழித்து உள்ளேயிருந்து ஒரு மெல்லிய அழுகுரல் கேட்டது. அப்போதுதான் சேது மூச்சிரைக்கப் படியேறி வந்தான். கதவைக் கையால் அவனுக்குக் காட்டிவிட்டு அவளும் அழுதாள்.