தோட்டத்து மணியும் என் பாதச் சனியும்

என் வலது கால் அழுகிக்கொண்டிருந்தது. 1934ஆம் ஆண்டு, மாசி மாதம். வீட்டில் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். சொல்லவும் தேவையில்லை, வாடையே சொல்லிவிடும். என் மனைவி செல்லம்மா சாம்பிராணி போட்டுப் போட்டு வீடெல்லாம் கோயில் மாதிரி புகைந்தது. கோயிலுக்குள் போகத்தான் எனக்கு வழியில்லை. சீழ் வடியும் காலோடு சந்நிதியில் எப்படி நிற்பது? சனிக்கிழமைகளில் கண்டி டவுனில் உள்ள எங்கள் பிள்ளையார் கோயில் வாசலுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்துகொள்வேன். செல்லம்மா உள்ளே போய் எனக்காக எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றுவாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் வண்டிக்காரன். கால் போனால் என்ன பிழைப்பு? ஆனால் அடியார்களே, அன்று எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. டொக்டர் எடுக்காவிட்டாலும் சனீஸ்வரர் எடுத்துவிடுவார் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எப்படி வந்தது, பிள்ளையார் அதை எப்படி உடைத்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றிவந்து கண்டி கூட்ஸ் ஷெட்டில் இறக்குவது என் தொழில். இரட்டை மாட்டு வண்டி. 1926இல் என் வெள்ளையன் காளை காரணமில்லாமல் விழுந்து செத்தது. அடுத்த வருஷம் வண்டியின் அச்சு முறிந்தது. லொறிகள் வந்து எங்கள் சுமையைப் பிடுங்கின. வீட்டில் என்ன வந்தாலும் நிற்கவில்லை, ஓட்டைப் பானையில் வார்த்த தண்ணீர் மாதிரி. 1928 முடியும் சமயத்தில் மனம் தாளாமல் கோயிலுக்குப் பக்கத்து அறையில் இருக்கும் சாஸ்திரியாரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், கைநீட்டிக் கேட்கமாட்டார்.

"பிறந்த நேரம் சொல்லும்," என்றார்.

"மார்கழி மாசம், ஐயா. விடியக்காலம் பிரட்டுத் தப்பு அடிக்கிறப்ப பொறந்தேன்னு எங்க அப்பா சொல்லுவாரு. தோட்டத்துல ஆறு மணிக்குத் தப்பு."

வேலைக்கு ஆள் கூட்டும் களத்தில் அடிக்கும் தப்பு அது. அவர் நாழிகையாக்கிக் கணக்குப் போட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உத்திராடம், ரண்டாம் பாதம். இப்பதான் துவங்கின பாதம். உத்திராடத்தில முதல் பாதம் தனுசு ராசி, மற்ற மூண்டும் மகரம். நீர் கொஞ்சம் முந்திப் பிறந்திருந்தால் தனுசு. இப்ப மகரம்."

பிறகு எனக்குப் புரியும்படி விளக்கினார். சந்திரன் நின்ற ராசிதான் ஜென்ம ராசி. சனி ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டரை வருஷம் ஆகும். ஜென்ம ராசிக்குப் பின்னால் உள்ள பன்னிரண்டாம் வீட்டில் வந்தால் விரயச் சனி, பொருளைக் கரைப்பார். ஜென்ம ராசியில் ஏறினால் ஜென்மச் சனி. உடம்பையும் மனசையும் பிழிவார். அதற்கு அடுத்த வீட்டில் பாதச் சனி. குடும்பத்திலும் காலிலும் கை வைப்பார். மூன்றும் சேர்ந்து ஏழரை.

"உமக்கு இப்பதான் துவங்குது. சனி தனுசுக்கு வாறார். அது உமக்கு விரயம்."

"அப்ப ரெண்டு வருஷத்துக்கு முந்தியே காளை செத்துச்சே ஐயா? அது யாரு கணக்கு?"

அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "அது தசாபுத்தியின்ர பலன் எண்டு வைச்சுக்கொள்ளும்," என்றார். அந்தப் பதில் அவருக்கே ருசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வாழ்க்கையில் முதல் சுற்று மங்கு சனி, இரண்டாவது பொங்கு சனி, மூன்றாவது மரணச் சனி என்பார்கள். எனக்கு இது இரண்டாவது சுற்று. கூட்ஸ் ஷெட்டில் செய்தி பரவியதும் என் கூட்டாளி மாரிமுத்து விடவில்லை. "பொங்கு சனியாமே அண்ணே! பொங்கி வழியிறப்ப எங்களுக்கும் ஒரு அகப்பை ஊத்துங்க!"

பொங்கியது கண்ணீர்தான். விரயத்தோடு நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. 1929 முழுக்க எனக்குக் காய்ச்சல் வந்து வந்து போனது, எலும்பும் தோலுமானேன். 1930இல் எங்கள் மகள் தெய்வானை போய்விட்டாள். அப்போதுதான் வாய் நிறையப் பேசத் தொடங்கியிருந்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. விரயச் சனிக்கு உடம்பும் உயிரும் எதற்கு என்று அப்போது கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

1932 தொடக்கம். அம்பிட்டிய மேட்டிலிருந்து சுமையோடு இறங்கினேன். மழை. சக்கரத்துக்குக் கொடுத்த அடைகல் வழுக்கி, வண்டி என் பாதத்தின் மேல் ஏறிற்று. எலும்பு கூடியது, புண் கூடவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் மிஸ்ஸி, "தினம் வந்து கழுவிக் கட்டணும், விட்டா கால் போயிரும்," என்று எச்சரித்தார். ஏறக்குறைய இரண்டு வருஷம் போனேன். சற்று ஆறும், மறுபடி வாய் திறக்கும்.

1933 கடைசியில் மறுபடியும் சாஸ்திரியாரிடம் போனேன். அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "இது உமக்கு ஜென்மச் சனி நடக்கிற காலம். வாற பங்குனியில சனி கும்பத்துக்குப் போறார். அது பாதச் சனி. கும்பம் அவற்ற சொந்த வீடுதான், ஆனா அட்டவர்க்கம் எண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் எட்டுப் புள்ளிக்குள்ள பலம் போடுற கணக்கு, அதில கும்பத்தில உமக்குப் பரல் ஒண்டுதான் கிடக்கு. பரல் குறைஞ்ச வீட்டில அவர் இரங்கமாட்டார். காலைக் கவனமாப் பாரும்."

கவனமாகப் பார் என்றார் அவர். என் காதில் விழுந்தது வேறு. ஜென்மச் சனியிலேயே இப்படியென்றால், காலுக்கென்றே ஒரு இரண்டரை வருஷம் இனித்தான் வருகிறதா? போகப்போகிற காலைக் கழுவி என்ன, கட்டி என்ன? ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தினேன். செல்லம்மா கெஞ்சினாள், சண்டை போட்டாள். "சனி புடிச்சது உங்க காலயா, புத்தியயா?" என்று கேட்டாள். நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அப்படித்தான் புண் கறுத்தது. அப்படித்தான் டொக்டர் வெட்டச் சொன்னார்.

டொக்டர் அப்படிச் சொன்ன பிறகு வந்த சனிக்கிழமை கோயில் வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எள்ளுச் சோறு வைத்த இலையில் காகங்கள் கொத்திக்கொண்டிருந்தன. என் வேண்டுதல் இவ்வளவுதான்: "அப்பனே பிள்ளையாரே, கால் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு ஒரு வழி தெரியவில்லை. நீ காட்டு." இதற்கு முன் எத்தனையோ கேட்டிருக்கிறேன். வழியை மட்டும் கேட்டது அன்றுதான்.

வீட்டுக்கு வந்தால் காளியம்மா அக்கா வந்திருந்தாள். எனக்குப் பத்து வயது மூத்தவள். திகனப் பக்கத்துத் தோட்டத்தில் மகனோடு இருக்கிறாள். கால் செய்தி கேட்டு பஸ் பிடித்து வந்திருக்கிறாள். புண்ணைப் பார்த்து அழுதாள். செல்லம்மா அவளிடம் ஜாதகக் கதையெல்லாம் சொன்னாள். ஆறு மணித் தப்பு என்ற இடம் வந்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஆறு மணியா? யாரு மணி?"

"தோட்டத்து மணிதான் அக்கா."

"அட கூறுகெட்டவனே! தோட்டத்து மணிய டவுன் ஐயர்கிட்டப் போய்ச் சொன்னியா? பொழுது விடியறதுக்குள்ள ஆளு மலைக்கு ஏறணும்னு தொரை மணிய ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வச்சிருந்தாருடா. நம்ம ஆறு, டவுனுக்கு அஞ்சு! நீ பொறந்தப்ப கும்மிருட்டு. நான்தான் நம்ம லயத்து வீட்டு வாசல்ல பந்தம் புடிச்சிட்டு நின்னேன்."

அப்பா இறந்ததும் சிறு வயதிலேயே தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தவன் நான். எனக்கு அது தெரியாது. மணி என்றால் ஒரே மணிதான் என்று நினைத்திருந்தேன்.

மாரிமுத்துவின் வண்டியில் என்னைத் தூக்கிப் போட்டு, அக்காவே சாஸ்திரியாரிடம் கொண்டுபோனாள். அவர் கேட்டதும் பதறிப்போனார். "ஒரு மணித்தியாலமோ? இரண்டரை நாழிகை! இருங்கோ, இருங்கோ." மறுபடி கணக்குப் போட்டார். சூரியன் உதிக்குமுன் பிறந்ததால் முந்தின நாள் கணக்கில் வந்தது. சந்திரன் முதல் பாதத்தின் கடைசியில் நின்றது. உத்திராடம் ஒன்றாம் பாதம், தனுசு ராசி.

அப்படியும் அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. நடந்ததை வைத்துச் சோதிக்கவேண்டும் என்றார். "அம்மா, தகப்பன் செத்தது இவருக்கு எத்தினை வயசில?"

"ஏழு நடந்துச்சு சாமி. அந்த வயசுலயும் அப்பா தோள விட்டு எறங்கமாட்டான்."

"சரியாப் போச்சு. அப்ப சனி விருச்சிகத்தில. மகர ராசிக்கு அது ஏழரை இல்லை. தனுசுக்கு முதல் சுற்றின்ர துவக்கம். அதே விருச்சிகத்துக்கு இருபத்தாறில திரும்பி வந்தார், உம்மட காளை செத்தது. தனுசில நிண்டார், அது ஜென்மச் சனி: காய்ச்சல், பிள்ளை. மகரத்துக்கு வந்தார், பாதச் சனி. வண்டி ஏறினது எதில?"

"பாதத்துல," என்றேன்.

"உமக்குப் பாதச் சனி வரப்போகேல்லை. முடியப்போகுது. மகரத்தில உமக்குப் பரல் அஞ்சு. காலை எடுக்கிற சனி இல்லை இது, வருத்திப்போட்டு விடுற சனி. பங்குனியில சனி கும்பத்துக்குப் போவார். ஆனா ஆட அவசரப்படவேண்டாம். புரட்டாதியில வக்கிரமாகி, பின்னோக்கி நடந்து, மகரத்துக்குத் திரும்புவார். மார்கழியிலதான் முற்றாய் விடுவார். அதுவரைக்கும் மருந்தை விடாதையும். சனி விலகிறது வேற, புண் கழுவுறது வேற."

திரும்பும் வழியில் அக்கா என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் வண்டியில் படுத்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வழியைக் காட்டு என்று காலையில் கேட்டேன். மத்தியானத்துக்குள் என் அப்பன் பிள்ளையார் காட்டிவிட்டான்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் டொக்டரைக் கும்பிட்டுக் கொஞ்சக் காலம் கேட்டேன். அவர் திட்டினார், பிறகு விஷம் மேலே ஏறினால் அன்றே வெட்டுவேன் என்று சொல்லி விட்டுப் பிடித்தார். தினமும் கழுவினார்கள். கறுத்த சதையை அரிந்தார்கள். கடைசி இரண்டு விரல்களும் போயின. பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையார் பேரைச் சொன்னேன். சித்திரையில் சிவந்த சதை வளர்ந்தது. ஆடியில் கம்பு ஊன்றி நடந்தேன். புரட்டாசியில் புண் மறுபடி வாய் திறந்தது! முன்பு போலென்றால் அன்றே சுவர்ப் பக்கம் திரும்பியிருப்பேன். இந்தத் தடவை வக்கிரம் என்று தெரிந்திருந்தது. வந்தவர் போவார் என்று தெரிந்திருந்தது. ஒரு நாளும் விடாமல் போய்க் கட்டினேன். மார்கழியில் புண் மூடியது. பிறகு திறக்கவேயில்லை.

அந்த மார்கழியிலேயே ஒரு சனிக்கிழமை, கால் கழுவிக்கொண்டு, செருப்பு விடும் இடத்தைத் தாண்டி உள்ளே போனேன். விளக்கை நானே ஏற்றினேன். நவக்கிரகத்தில் சனீஸ்வரருக்கு நேர் எதிரே நிற்கக்கூடாது என்பார்கள். ஓரமாக நின்று கும்பிட்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய கணக்கு ஒரு நாளும் தப்பவில்லை. நான் கொடுத்த மணிதான் தப்பு. செல்லம்மா அழுதாள். தெய்வானை இருந்திருந்தால் விளக்கைத் தொடப் போய்ச் சுட்டுக்கொண்டிருப்பாள் என்றாள். எதற்காக அழுதாள் என்று நான் பிரித்துக் கேட்கவில்லை.

இப்போது வண்டி இல்லை. கூட்ஸ் ஷெட்டில் பெட்டி எண்ணும் இடத்தில் உட்கார்ந்த வேலை கிடைத்திருக்கிறது. மாரிமுத்து, "பொங்கிட்டீங்க அண்ணே!" என்கிறான். போன மகள் போனவள்தான். ஆனால் அந்த வாசலில் அழுத நாளிலிருந்து இன்றுவரை ஒரு சனிக்கிழமையும் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை.

ஏழரையில் இருக்கும் சகோதரர்களே, சகோதரிகளே, பலன் கேளுங்கள், பயப்படுங்கள், தப்பில்லை. ஆனால் பயத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடாதீர்கள். எழுந்து உட்கார்ந்து பிள்ளையாரிடம் வழியை மட்டும் கேளுங்கள். உள்ளே போக முடியாதவர்கள் செருப்பு விடும் இடத்திலிருந்தே கேளுங்கள், அங்கிருந்தும் அவனுக்குக் கேட்கும். சனீஸ்வரரும் காலை விந்தி நடப்பவர்தான். இப்போது நானும் அப்படித்தான் நடக்கிறேன். நடக்கிறேன், அதுவே எனக்குப் போதும்.