ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால்தான் வண்டி கிளம்பும்

பழைய சாமான் ஏற்றும் மினி லாரி ஓட்டுநருக்குத் தெருவில் வைத்த பெயர் ஸ்கிரீன்ஷாட் அண்ணன். விற்பவரும் வாங்குபவரும் பழைய சாமான் விற்கும் ஆப்பில் பேசி முடித்ததைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பாவிட்டால் சாவியைத் திருப்ப மாட்டார். பதினொரு வருஷத் தொழிலில் மனிதர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் எதுவும் மிஞ்சவில்லை. விற்கிறவன் திருடன், வாங்குகிறவன் முட்டாள் என்பது அவர் கட்சி.

அன்றைய முட்டாள் ஒரு பள்ளி ஆசிரியை. அவருடைய அப்பா சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். வீட்டில் இரண்டு தடவை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தவர். இருபுறமும் தடுப்புக் கம்பி உள்ள நோயாளிக் கட்டில் ஒன்றை ஆசிரியை பேசி வைத்திருந்தார்.

"எல்லாம் ஆப்லயே இருக்குங்க அண்ணே."

"இருக்கும். அவன் விளம்பரத்த எடுத்தா பேச்சும் கூடவே போயிடும். டீச்சர்தானே நீங்க? பசங்க நோட்டு இல்லாம வந்தா விடுவீங்களா?"

ஆசிரியை முகத்தைச் சுளித்துக்கொண்டே நான்கு படங்கள் அனுப்பினார். பேச்சை இன்னும் மேலே தள்ளி எடுக்கச் சொன்னதும் ஐந்தாவது வந்தது. பிறகே வண்டி நகர்ந்தது.

நான்காம் மாடியில் கட்டிலை விற்கும் அரைக்கால் சட்டைக்காரர் கதவைத் திறந்தார். கட்டில் கூடத்தில் கிடந்தது. கம்பிகளைக் காணோம்.

"கம்பி தனி. அத நான் தரேன்னு சொல்லவே இல்லையே."

ஆசிரியை போனைத் திறந்தார். விளம்பரம் இல்லை. அதனுடன் அவர்கள் பேசியதும் இல்லை. மேலும் கீழும் தேடினார்.

"வித்தாச்சேன்னு காலையிலேயே எடுத்துட்டேன்" என்றார் அரைக்கால் சட்டைக்காரர், வெகு வெள்ளந்தியாக.

ஓட்டுநர் தன் போனை அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். ஐந்தாவது படம். 'ரெண்டு கம்பியும், எட்டு போல்ட்டும் சேர்த்துத் தரேன்.'

"படிக்கத் தெரியும்ல சார்? இல்ல, டீச்சர் படிச்சுக் காட்டட்டுமா?"

அரைக்கால் சட்டை பால்கனிக்குப் போய், துணிக்கு அடியில் கிடந்த கம்பிகளைக் கொண்டுவந்தது.

கீழே வண்டியில் கட்டும்போது ஆசிரியை சொன்னார்: "பாவம், மறந்திருப்பாரு."

விற்றவரைப் பார்த்த அதே பார்வையால் ஓட்டுநர் அவரையும் பார்த்தார். 'துணி போர்த்தி மறக்கிறானாம்' என்று முணுமுணுத்தபடி போல்ட்டுகளை உள்ளங்கையில் கொட்டி எண்ணினார். ஏழு.

"ஒண்ணுதானே, விடுங்கண்ணே. கடையில வாங்கிக்கலாம்."

"அந்த ஒண்ணு இல்லாம கம்பி ஆடும். ஆடுற கம்பியில உங்கப்பா சாஞ்சா?"

லிஃப்ட் அதற்குள் மேலே போய்விட்டிருந்தது. இரண்டு பேரையும் ஒருசேரத் திட்டிக்கொண்டு, எட்டாவது போல்ட்டுக்காக ஓட்டுநர் படியேறத் தொடங்கினார்.