பனிச்சறுக்குக்காரனின் முகநிறம்

ஆரோக்கியமேரிக்கு மாப்பிள்ளை தேட எடுத்த புகைப்படத்தில் அவளே இல்லை. செகந்திராபாத் லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டிய ஸ்டூடியோவில், கேட்காமலே அவள் முகத்தைச் சுண்ணாம்பு அடித்த சுவராக்கிக் கொடுத்திருந்தான் கம்ப்யூட்டர் பையன். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அரக்கோணத்திலிருந்து வந்தவர்கள் டீயைக் குடித்தார்கள், பிஸ்கட்டைத் தின்றார்கள், "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்றார்கள், ரயிலேறிப் போனார்கள். வேகன் பட்டறையில் வெல்டராக இருந்த அப்பா இரண்டு நாள் ஓவர்டைம் பார்த்துவிட்டு ராத்திரிதான் வீட்டுக்கு வந்தார். மேரி அந்த வாரமே அமீர்பேட்டையில் மல்டிமீடியா படிப்பில் சேர்ந்தாள். பொண்ணு பார்க்க வரும் கூட்டத்துக்கு இனிமேல் வீட்டில் இருக்கமாட்டேன் என்பதற்கு, படிப்புதான் கைவசம் இருந்த சாக்கு.

இது நடந்து மூன்று வருடம் கழித்து, 2006இல், செகந்திராபாத் எஸ்.டி. ரோட்டில் ஒரு வங்கிக்கு மேல் மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் அவள் செல்போன் விளையாட்டுகளுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். தீப்பெட்டி அகலமுள்ள திரையில் ஓடுகிற, குதிக்கிற, விழுகிற மனிதர்கள். ஒவ்வொருவரும் பதினாறு புள்ளி அகலம், இருபத்து நான்கு புள்ளி உயரம். சதுரச் சதுரமான புள்ளிகள். ஒரு புள்ளியைத் தப்பாக வைத்தால் ஆள் சிரிப்பதற்குப் பதில் வாந்தியெடுப்பான்.

அந்தச் சமயம் கம்பெனியின் கைவேலை, ஒரு பிஸ்கட் நிறுவனத்துக்காக இரண்டு வருடமாகச் செய்துவரும் ஓட்ட விளையாட்டின் புதுப் பதிப்பு. செகந்திராபாத் தெரு ஒன்று. குழி, எருமை, குறுக்கே வரும் ஆட்டோ. ஓடுகிறவன் பிஸ்கட் பொட்டலங்களைப் பொறுக்கிக்கொண்டே தாண்ட வேண்டும். அதிக ஸ்கோர் எடுத்து எஸ்.எம்.எஸ். அனுப்புகிறவரின் முகமே அடுத்த பதிப்பின் கதாநாயகன் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். ஜெயித்தது கதாநாயகி. ஏ.எஸ்.ராவ் நகரில் குடியிருக்கும் சுபாஸ்ரீ, ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன், பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் விளையாடியே ஜெயித்தவள். அவள் அனுப்பிய படத்தில் பின்னல் ஒரு தோளில் முன்னால் கிடந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். நல்ல கறுப்பு.

பொறுப்பாளர் ரகுநாதன் அந்தப் படத்தைத் தானே முதலில் சுருக்கிப் பார்த்தார். சென்னைக்காரர், நாற்பது வயது, பிழைப்புக்கு வேண்டிய அளவு நல்லவர். படத்தைப் பதினாறுக்கு இருபத்து நான்காகக் குறைத்து, விளையாட்டின் வண்ணப் பட்டியலை அதன்மேல் போட்டார். அந்தப் பட்டியலில் மொத்தமே பதினாறு இடம். அதில் ஒன்று வெறும் கண்ணாடி, பின்னாலிருப்பது தெரிவதற்கு. மிச்சத்தில் தார், வானம், செங்கல், மரத்தண்டு, இலை, ஆட்டோ மஞ்சள் என்று தெருவே குடியிருந்தது. மூன்று இடங்கள் தோலுக்கு: வெளிச்சம், நடு, நிழல். மூன்றும் ரோஜா வெளுப்பு. கணினி ஒவ்வொரு புள்ளிக்கும் பட்டியலில் மிக நெருங்கிய நிறத்தைத் தேடியது. சுபாஸ்ரீக்குக் கிடைத்தது மரத்தண்டும் கறுப்பும். முகம், முடி, பின்னல் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டி. நடுவில் இரண்டு வெள்ளைப் புள்ளி.

"பாத்தியா மேரி?" என்றார் ரகுநாதன். "டார்க்கா இருந்தா முகமே தெரியல. பழைய ஹீரோ முகத்தை எடு, இந்தப் பொண்ணோட பின்னலை ஒட்டு, சுடிதார் கலர் மாத்து. முடிஞ்சுது."

"அப்ப அது அந்தப் பொண்ணு இல்லியே சார்."

"பதினாறு புள்ளியில யாரும்மா யாரு?"

"பின்னல் மட்டும் யாருன்னு தெரியுமாக்கும்?"

பக்கத்து மேசையில் முகமது யூசுப் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். விளையாட்டுக்கு நிரல் எழுதுகிறவன். வீட்டில் ஆம்பூர்த் தமிழ், தெருவில் தக்கனி உருது.

"வியாழக்கிழமை எனக்குக் காட்டணும். வெள்ளிக்கிழமை பிஸ்கட் கம்பெனியோட பம்பாய்க்காரர் வர்றார். நீ உன் வழியில செய். சரியா வரலேன்னா நான் சொன்னது." ரகுநாதன் எழுந்து போனார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தக் கட்டியில் முகம் தெரியவில்லை என்பது உண்மை. அதற்குக் காரணம் கறுப்பு என்பதுதான் பொய். ஆனால் உண்மையோடு ஒட்டிக்கொண்டு வரும் பொய்யை யாரும் நிறுத்தி வைத்துக் கேட்பதில்லை.

மேரி கட்டியை அழித்துவிட்டு, புகைப்படத்தைத் திரையின் ஒரு ஓரத்தில் வைத்துக்கொண்டு வெறும் கட்டத்தில் தொடங்கினாள். படத்தைச் சுருக்குவது கணினி வேலை. எதை விடுவது என்பது ஆள் வேலை. முதலில் வெளிக்கோடு: பின்னல் தோளைத் தாண்டி இரண்டு புள்ளி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போதும், தூரத்திலிருந்தே அவள்தான். பொட்டு வைத்துப் பார்த்தாள். எட்டுப் புள்ளி அகல முகத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, நெற்றியில் கல்லடி பட்டதுபோல் இருந்தது. எடுத்துவிட்டாள். மூக்குக்கு இடமே இல்லை. கண்ணுக்குக் கறுப்பை ஒட்டி ஒரு வெள்ளை, சிரிப்புக்கு அடுத்தடுத்து இரண்டு வெள்ளை.

முகமும் முடியும் ஒட்டிக்கொள்வதை எப்படிப் பிரிப்பது? புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முடி கறுப்பில்லை, வெளிச்சம் பட்ட இடம் நீலம். பட்டியலில் இரவு வானத்து நீலம் ஏற்கெனவே இருந்தது. உச்சந்தலையில் அதைக் கீற்றாக வைத்தாள். முடி முகத்தை விட்டுப் பிரிந்தது. முகத்துக்கு மரத்தண்டு, நெற்றியிலும் கன்னத்திலும் செங்கல். கழுத்தடியில் கறுப்பு. இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். சுபாஸ்ரீ எருமையைத் தாண்டத் தயாராக நின்றாள். புது நிறம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை ரகுநாதன் போனைக் கையில் வாங்கி விளையாடினார். விளையாட்டின் முதல் கட்டம், தெருவில் காலை. "நல்லாத்தான் இருக்கு," என்றார். இரண்டாவது, மத்தியானம். "முகம் தெரியுது, ஒத்துக்கறேன்." மூன்றாவது கட்டம் தொடங்கியது. இரவு.

சுபாஸ்ரீயின் முகம் நீலமாகிவிட்டது. கன்னம் கத்தரிப்பூ.

ரகுநாதன் போனை மேரி பக்கம் திருப்பினார். "என்ன இது, பக்திப் படமா?"

மேரிக்குச் சட்டென்று விளங்கியது. விளங்கியதும் காது சூடேறியது. இரவுக்கென்று தனிப் படங்கள் கிடையாது. போன் தாங்குகிற அறுபத்து நாலு கேபிக்குள் எல்லாம் அடங்க வேண்டுமே. யூசுபின் நிரல் வண்ணப் பட்டியலில் செங்கல் இருந்த இடத்தில் கத்தரிப்பூவையும் மரத்தண்டு இருந்த இடத்தில் கருநீலத்தையும் எழுதிவிடும். உடனே தெரு முழுக்க இருட்டும். அந்த இடங்களின் நிறத்தில் வரைந்த எல்லாப் புள்ளியும் இருட்டும். சுவரா முகமா என்று நிரலுக்குத் தெரியாது. மாற்றாமல் விடுவது சில இடங்களை மட்டும்தான். தோலின் மூன்று இடங்கள் அதில் சேர்த்தி.

"நான்தான் மறந்துட்டேன் சார்," என்றாள்.

"மறதி இல்ல. அதுக்குத்தான் தோலுக்குன்னு இடம் வெச்சிருக்கு. அதுல போடு. சிம்பிள்."

"அதுல இருக்கறது வெள்ளைக்காரன் தோலு."

"யாரு போட்டதோ. இருக்கறதுதானே."

"யார் போட்டது?" என்று அவள் யூசுபைக் கேட்டாள்.

யூசுப் பழைய கோப்புகளைத் தோண்டினான். "ஹவ், கிடைச்சிருச்சு. ஜெர்மன்காரனுக்கு ஒரு பனிச்சறுக்கு கேம் செஞ்சோமில்ல? அதுல இருந்து வந்த பட்டியல். பனியை எடுத்துட்டுத் தாரைப் போட்டோம். பைன் மரம் வேப்பமரம் ஆச்சு. ஆளு மட்டும் அப்படியே நின்னுட்டான்."

யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. செகந்திராபாத் தெருவில் ஒரு ஜெர்மன் பனிச்சறுக்குக்காரன் இரண்டு வருடமாக எருமை தாண்டிக்கொண்டிருந்தான். ஒருவர்கூட ஏனென்று கேட்கவில்லை. நாட்டில் பல ஏற்பாடுகள் இப்படித்தான் நிற்கின்றன. ஆதரிக்க ஆள் வேண்டியதில்லை, கேட்க ஆளில்லாமல் இருந்தால் போதும்.

"அந்த மூணு இடத்தையும் மாத்து பாய்," என்றாள் மேரி. "இடம் அதேதான். அதுல இருக்கற நிறத்தை மட்டும் மாத்து. நான் அவ முகத்தை அந்த மூணுலயே வரைஞ்சு தர்றேன். ராத்திரியும் மாறாது."

யூசுப் தலையைச் சொறிந்தான். "மாத்தலாம். ஆனா எல்லா உருவமும் ஒரே படத்தாள்ல ஒரே பட்டியல்ல இருக்கு. அவளுக்கு மட்டும் மாத்தணும்னா அதே தாளை ரெண்டு தடவை ஏத்தணும். இந்த டப்பா போனு தாங்காது, நக்கோ. மாத்துனா எல்லாருக்கும் மாறும்."

"எல்லாருன்னா?" என்றார் ரகுநாதன்.

"ஆட்டோக்காரன், டிராபிக் போலீஸு, பஸ் ஸ்டாப் கூட்டம், பால்கனி மாமி."

"மாறட்டுமே," என்றாள் மேரி.

மரத்தண்டுக்கு ஒரு படி மேலே செம்பழுப்பு ஒன்று, அதன் வெளிச்சம், அதன் நிழல். மூன்று நிறங்களைப் புகைப்படத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். யூசுப் அவற்றைப் பட்டியலில் எழுதினான். பதினைந்து நிமிடத்தில் போன் மறுபடி ரகுநாதன் கைக்கு வந்தது. இரவிலும் சுபாஸ்ரீயின் முகம் அவள் முகமாகவே இருந்தது. அவளைச் சுற்றி இருந்த கூட்டமும் அவளைப் போலவே இருந்தது.

ரகுநாதன் பஸ் ஸ்டாப் கூட்டத்தருகே ஆட்டத்தை நிறுத்தினார். "ஊரே கறுத்துப் போச்சேம்மா."

"வெயில் காலம் சார்," என்றான் யூசுப்.

மேரி எழுந்து போய் ஜன்னல் திரையை ஒதுக்கினாள். கீழே எஸ்.டி. ரோடு. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், இளநீர் வண்டி, ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றி துடைக்கும் போலீஸ்காரர்.

"இங்க எத்தன பேரு சார் பனியில சறுக்கறாங்க?"

ரகுநாதன் ஜன்னலுக்கு வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தார். "பம்பாய்க்காரர் ஏதாவது சொன்னா, பழைய பட்டியல்தான். இப்பவே சொல்லிட்டேன்."

"அவர் வாயால சொல்லட்டும் சார். எதுக்குன்னும் சொல்லட்டும்."

பம்பாய்க்காரர் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். குளிர்பானம் குடித்தார். மூன்று கட்டமும் ஆடினார், எருமையிடம் இரண்டு முறை விழுந்தார். மேரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் ஆங்கிலத்தில் ஒரே குறை சொன்னார்: பிஸ்கட் பொட்டலம் சின்னதாக இருக்கிறது, இரண்டு புள்ளியாவது பெரிதாக்க வேண்டும். முகங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று ரகுநாதன் பயந்த அந்த வாடிக்கையாளர், ரகுநாதனின் தலைக்குள் மட்டுமே வசித்து வந்திருக்கிறார். அவர் போனதும் ரகுநாதன் யூசுபைக் கூப்பிட்டு, இனி தெரு விளையாட்டுகளுக்கெல்லாம் இந்தப் பட்டியலையே வைத்துக்கொள் என்றார். மேரியைப் பார்த்துச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பரிசை வாங்க சுபாஸ்ரீ அண்ணனோடு ஆபீசுக்கு வந்தாள். விளையாட்டு ஏற்றிய புதுப் போனைக் கையில் கொடுத்தார்கள். அவள் நின்றபடியே குழியைத் தாண்டினாள், ஆட்டோவைத் தாண்டினாள். பிறகு நிறுத்திவிட்டுத் திரையைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"அண்ணா, பாரேன். நானேதான்." அண்ணன் பார்த்துவிட்டு, பின்னலை வைத்துச் சொல்கிறாயா என்று தெலுங்கில் கேட்டான். "லேது, பின்னல் இல்ல, முகமே!" என்றாள்.

பிறகு மேரியிடம் திரும்பினாள். "நீங்கதானேக்கா வரைஞ்சது? எல்லாம் சரி, மூக்கு எங்க?"

"இடம் இல்லம்மா," என்றாள் மேரி.

"அவ்வளோ பெரிய மூக்குக்கு எங்க இடம் இருக்கும்," என்று சிரித்துவிட்டு சுபாஸ்ரீ எருமையைத் தாண்டப் போனாள்.