எறும்பு சைஸ் எழுத்தும் என் குங்குமப் பொட்டும்

என் பெண்ணுக்கு வேலைத் தேர்வு, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதுவது. காலை பத்து மணிக்குள் உள்ளே நுழையாவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள்; எழுதும்போது கேமரா வழியாகக் கண்காணிப்பார்களாம். லேப்டாப் முந்தின நாள்தான் அவள் சிநேகிதியிடமிருந்து வந்தது. விலை ஜாஸ்தியான, ரொம்பத் துல்லியமான திரை.

அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு, விடியற்காலையிலேயே நான் அதற்குச் சந்தனம் குழைத்து, திரையின் மேல் இடது மூலையில் குங்குமப் பொட்டு வைத்தேன். வீட்டுக்குள் புதுசாய் எது வந்தாலும் எங்களுக்கு அப்படித்தான்.

ஒன்பதரைக்கு ஆன் பண்ணினாள். அதில் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்கள் விண்டோஸ், லினக்ஸ் ரெண்டும் இருந்தன. ஆரம்பத்தில் ஒரு பட்டியல் வரும், அதில் விண்டோஸைத் தேர்ந்தெடுக்கணும். தேர்வு அதில்தான் திறக்கும். பட்டியலும் வந்தது. ஆனால் திரையின் துல்லியத்தால் எழுத்து எறும்பு சைஸ்! அவள் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதற்குள் பத்து நொடி ஓடி, தானாகவே லினக்ஸுக்குப் போய்விட்டது.

"அப்பா, உங்க பொட்டு சரியா பட்டியல் மேலயே உக்காந்திருக்கு! துடைச்சிடறேன்."

உள்ளேயிருந்து என் மனைவி ஓடி வந்தாள். "பரீட்சை நேரத்துல பொட்டை அழிக்கறதா? ஏங்க, நீங்க சொல்லுங்க!"

எனக்கும் அழிக்க மனசு வரவில்லை. மகள் பாவம், மறுபடி ஆன் செய்து, குத்துமதிப்பாகக் கீழ் அம்புக்குறியை ஒரு தடவை தட்டி, என்டரை அழுத்தினாள். விண்டோஸுக்குப் பதில் இன்னொரு பட்டியல் வந்தது, அதுவும் எறும்பு சைஸ்தான். மணி ஒன்பது நாற்பத்தைந்து.

"சாமிக்கு வச்சது, சாமியே எடுத்துக்கட்டும்" என்று என் துண்டாலேயே பொட்டைத் துடைத்தேன். மனைவி என்னை முறைத்தாள்.

மூன்றாம் முறை பட்டியல் வந்ததும் மகள் ஒரு விசையைத் தட்டினாள். கீழே ஓடின நொடிக் கணக்கு நின்றுபோனது. "போன் குடுங்கப்பா!" போன் கேமராவில் திரையைப் படம் பிடித்து, விரலால் பெரிசாக்கினாள். மூன்று தலையும் ஒன்றாக அதன் மேல் குனிந்தது.

"இருக்கு! மூணாவது வரி, விண்டோஸ்!"

அம்புக்குறியை எண்ணி நகர்த்தி, என்டர். விண்டோஸ் திறந்தது. "அரோகரா!" என்று கத்திவிட்டேன். "மெதுவா, கேமரா வழியாப் பாக்கறவங்களுக்குக் கேக்கும்" என்றாள் மனைவி. அவளுக்கும் சிரிப்பு.

ஒன்பது ஐம்பத்தாறுக்கு உள்ளே நுழைந்தாள். நாங்கள் ரெண்டு பேரும் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தோம்.

மறுநாள் மகள் லினக்ஸில், அந்தப் பட்டியலின் அமைப்புக் கோப்பைத் திறந்து, திரை அளவை 1024x768 என்று குறைத்து எழுதி, புதுப்பித்து, லேப்டாப்பை மறுபடி கிளப்பினாள். எழுத்து கொழுகொழுவென்று நின்றது. கண்ணாடி போடாமலேயே நான் படித்துவிட்டேன். தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. ஆனாலும் எழுதிவிட்டாளே, அதுவே எனக்குப் பெரிசு.