முப்பத்திரண்டு பேருக்கு ஒரே ஒரு பதில்

நீலாவதியை எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் பிடிக்காது. இதை அவளிடமே சொல்லியிருக்கிறேன். "புடிச்சாத்தான் ப்ரோக்ராம் ஓடுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

கச்சால் தீவின் ரப்பர் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவள், நாற்பத்தொரு வயது. தினமும் பம்பூஃப்ளாட்டில் படகேறி போர்ட் பிளேரின் சாத்தம் துறையில் இறங்குவாள். வரிசையில் குறுக்கே நுழைந்த ஒருவனையாவது வழியில் நாறடித்துவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவாள். அடுத்த நாற்காலி என்னுடையது என்பதால் மீதிச் சூடு எனக்கு.

கம்பெனி சின்னது. தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களுக்கு டிக்கெட் பதியும் மென்பொருள் எங்களுடையது. கச்சாலில் நெட் வந்தால் உண்டு. அதனால் அங்கே கவுண்டரில் இருக்கும் உதயசூரியன், காலையிலிருந்து வாங்கிய விண்ணப்பங்களை எல்லாம் ஒரே கட்டாக அனுப்பிவிடுவான். எங்கள் சர்வர் ஒவ்வொருவரையும், தீவுவாசிகளுக்கான ஐலண்டர் கார்டு உட்பட, தனித்தனியாகச் சரிபார்க்கும். பத்து விண்ணப்பம் போனால் பத்து பதில், போன அதே வரிசையில், ஒவ்வொன்றிலும் விண்ணப்ப எண், விண்ணப்பம் தள்ளுபடியானால் அதன் காரணம். நீலாவதி அப்படித்தான் எழுதியிருந்தாள்.

எங்கள் மேலாளர் சந்திரமோகனுக்கு அது பொறுக்கவில்லை. எதையாவது மாற்றாமல் விட்டால் மேலாளருக்குச் சாப்பாடு செரிக்குமா?

"அரே, பாஸானவனுக்கு எதுக்குப் பதில்? தள்ளுபடியை மட்டும் அனுப்பு. நம்பரும் வேணாம், நெட் மிச்சம்."

"யாரைத் தள்ளுனோம்னு கவுண்டருக்கு எப்படி சார் தெரியும்?"

"ஹோ ஜாயேகா, எல்லாம் தானா நடக்கும், நீலாவதி."

அவள் விடுப்பில் போன வாரம் நிரலைத் தன் கையாலேயே வெட்டினார். பதில் வராதவருக்கு டிக்கெட் கொடு என்று கவுண்டர் பக்கத்தையும் மாற்றினார். எண் இல்லாத பதிலைக் கவுண்டர் கணினி வரிசையை வைத்துத்தான் ஆளோடு பொருத்தும், முதல் பதில் முதல் ஆளுக்கு. அது அவர் மண்டையில் ஏறவில்லை. மேலிடத்துக்குச் சாதனை என்று மெயில் மட்டும் போனது. இரண்டு மாதம் யார் விண்ணப்பமும் தள்ளுபடியாகவில்லை. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்.

போன வியாழன் மதியம் இரண்டு மணிக்கு உதயசூரியன் போன் செய்தான். நீலாவதி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, முப்பத்திரண்டு பேரு அனுப்புனேன். மொத ஆளு ரூபாங்கிற பொண்ணுக்குத் தள்ளுபடின்னு வருது. ஐலண்டர் கார்டு காலாவதியாம். அந்தப் புள்ள போன மாசம்தான் கார்டே எடுத்துச்சு. திங்கக்கெழம போர்ட் பிளேர்ல நர்சிங் பரீட்ச இருக்கு, இங்கயே நின்னு அழுவுது."

"கப்பல் எப்ப?"

"நாலு மணிக்கு. இத விட்டா இன்னும் எட்டு நாளு."

சர்வரில் பார்த்தால் ரூபாவை ஏற்றுக்கொண்டாகிவிட்டது. தள்ளுபடியானது பதினோராவது ஆள், ரவிக்குமார் என்று ஒருவர். எண்ணில்லாத அந்த ஒற்றைப் பதில் போய் முதல் ஆள் தலையில் உட்கார்ந்துவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கே வந்து முதலில் நின்ற புண்ணியவதிக்குத் தள்ளுபடி, ரவிக்குமாருக்கு டிக்கெட்.

சந்திரமோகன் நாற்காலியை விட்டு எழவில்லை. "ஒரு பொண்ணுக்காக ஓடுற சிஸ்டத்தைத் தொடணுமா? அடுத்த கப்பல்ல வரட்டும்."

நீலாவதி பழைய நிரலை எடுத்து சர்வர், கவுண்டர் இரண்டு பக்கமும் திரும்பப் போட்டாள். பிறகு உதயசூரியனைக் கூப்பிட்டாள்.

"அதே கட்டை அப்படியே திரும்ப அனுப்பு."

"ரெண்டு தடவ பதிஞ்சிறாதா அக்கா?"

"விண்ணப்ப நம்பர் இருக்குல்ல. பதிஞ்சவங்களைப் பதியாது, பதில மட்டும் சொல்லும்."

அதற்குள் கச்சாலில் நெட் போய்விட்டது. மூன்று இருபதுக்கு வந்தது. அதுவரை அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அக்கா, முப்பத்திரண்டு பதிலு வந்திருச்சு. ரூபா, ஏத்துக்கிட்டாச்சு. பதினொண்ணாவது ரவிக்குமாருக்குத் தள்ளுபடி. அவருக்கு அப்பவே டிக்கெட்ட குடுத்துட்டேனே?"

"வாங்கி ரத்து பண்ணு."

நாலு மணிக்குச் சற்று முன் சந்திரமோகனின் போன் அடித்தது. கொஞ்ச நேரம் "ஹான், ஹான்" என்றார். முகம் கருத்துவிட்டது. பிறகு நீலாவதியின் மேஜைக்கு அவரே நடந்து வந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

"நீலாவதி, அந்த ரவிக்குமார் என் மச்சான். வீட்டுக்காரி சாமியாடுறா. அந்தப் பதினொண்ணாவது பதிலை மட்டும் அனுப்பாம, பழையபடி... நெட்டும் மிச்சம்தானே?"

நீலாவதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அடுத்த கப்பல்ல வரட்டும் சார்."