பாதியில் மாறிய நிலைப்பாட்டுக்கு எத்தனை மதிப்பெண்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய கல்லூரியில் நான் தமிழ் கௌரவ விரிவுரையாளர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன். நான் படித்தபோது கட்டுரையில் தலைவர்களின் பொன்மொழிக்கு மதிப்பெண் விழும். அம்மா நடவுக்குப் போன வயலைப் பற்றி எழுதினால் விழாது.

அதனால் விவாதக் கட்டுரை திருத்துவதற்கு ஒரு மாதிரி அட்டவணை தயாரித்தேன். மொத்தம் இருபது. நிலைப்பாட்டுக்கு நான்கு, தானே கண்ட குறிப்பான சான்றுக்கு ஆறு, சான்றிலிருந்து முடிவுக்கு வந்த வழி தாளில் தெரிந்தால் ஆறு, மொழிக்கு நான்கு.

துறைத் தலைவர் ஒரு நிபந்தனை போட்டார். ஒரே தாளை நானும் மூத்த ஆசிரியரும் தனித்தனியே திருத்த வேண்டும். வித்தியாசம் இரண்டைத் தாண்டினால் பழைய முறைதான்: முன்னுரை, உட்தலைப்பு, மேற்கோள், முடிவுரை.

தாள் ஒரு முதலாண்டு மாணவியுடையது. பெண்களுக்கு இரவு ஷிப்ட் கூடாது என்று ஆரம்பித்திருந்தாள். கம்பெனி பஸ் அம்மாவைப் புதுவாயல் கூட்ரோட்டில் இறக்கிவிடும், அங்கிருந்து இருட்டில் தனியாக நடந்துவருவாள், பகலில் தூக்கமும் இருக்காது என்பது அவள் சான்று. பிறகு, பகல் ஷிப்ட் கேட்ட அம்மாவைக் கம்பெனி வேலையைவிட்டே நிறுத்தியதையும் எழுதி, 'ஆகவே தடை வேண்டாம், பஸ் தெருவரை வரட்டும்' என்று முடித்திருந்தாள்.

நான் பதினேழு போட்டேன். அவர் ஒன்பது.

"இன்னாம்மா இது? வேணாம்னு ஆரம்பிச்சி வேணும்னு முடிக்குது. பாதியில கட்சி மாறுனா நிலைப்பாட்டுக்கும் காரணத்துக்கும் இன்னா போடுறது?"

"மாறுனதுக்குக் காரணம் எழுதியிருக்கா சார்."

"உன் அட்டவணையில மாறலாம்னு எங்க இருக்கு?"

இல்லை. 'நிலைப்பாடு கடைசிவரை உறுதியாக இருக்க வேண்டும்' என்றுதான் நானே எழுதியிருந்தேன். இந்தத் தாளைப் படித்த வேகத்தில் அதை மறந்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டு, 'நிலைப்பாடு மாறினால், மாறியதற்கான காரணம் தாளிலேயே தெரிய வேண்டும்' என்று எழுதினேன்.

மறுபடியும் போட்டோம். பஸ் தெருவரை வந்தால் தூக்கம் கெடுவது எப்படித் தீரும் என்று அவள் சொல்லவில்லை. காரணத்தில் ஒன்று குறைத்தேன். பதினாறு. அவர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, பதினாலு போட்டார்.

"உட்தலைப்பு இருந்தா இன்னும் ரெண்டு குடுத்திருப்பேன்."

"அதுக்கு இதுல கட்டமே இல்ல சார்."

"தெரியும் தாயே."

தலைவர் கையெழுத்துப் போட்டார். எல்லாப் பிரிவுக்கும் இதே அட்டவணை. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் என் வகுப்புத் தாள்களை அடித்துவிட்ட வரியை வைத்தல்லவா திருத்தி முடித்திருந்தேன். பாதியில் மனம் மாறிய பிள்ளைகளுக்கெல்லாம் நானே குறைத்திருப்பேன். கட்டைப் பிரித்து, முதல் தாளில் போட்டிருந்த மதிப்பெண்ணை அடித்தேன்.