நாற்பத்தெட்டால் பெருக்கியவர்கள்

எங்கள் சங்கத்தின் முடிவுகள் எதுவும் கூட்டத்தில் எடுக்கப்படுவதில்லை. கம்பெனி பஸ்ஸில்தான் எடுக்கப்படுகின்றன. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. பொதுக்குழு படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடும். ஆனால் அந்தந்த பஸ்காரர்கள் வரும் வழியிலேயே பேசி முடித்துவிட்டு, மண்டபத்தில் மொத்தமாகக் கை தூக்குவார்கள். நான் தாம்பரம் பஸ். இந்த வழக்கத்தை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

நாலு வருடச் சம்பள ஒப்பந்தம் பேசிய சமயம் அது. நிர்வாகம் இரண்டு வழி காட்டியது. கையெழுத்தானதும் ஒரே தடவையாக ஒரு லட்சம் லம்ப்சம், மாதம் நாலாயிரம் உயர்வு. இல்லையென்றால் கையெழுத்துக்கு இருபத்தைந்தாயிரம், மாதம் ஐயாயிரத்து ஐநூறு உயர்வு. உயர்வு எதுவானாலும் அடிப்படைச் சம்பளத்தில் சேரும்.

எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். பெருங்களத்தூரில் ஒரு சின்ன ஃபிளாட் பார்த்து வைத்திருந்தோம். மனைவியின் நகை, பி.எஃப். பணம் என்று முன்பணத்துக்கு வழி செய்தாகிவிட்டது. வங்கியில்தான் இடித்தது. சம்பளம் கொஞ்சம் குறைகிறது, ஐயாயிரம் கூடினால் கடன் கிடைத்துவிடும் என்றார்கள். அந்த ஐயாயிரத்தைத்தான் நிர்வாகம் தட்டில் வைத்து நீட்டியது.

பஸ்ஸில் பக்கத்து சீட் நண்பன் போனை எடுத்துத் தட்டினான். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்பவன், எங்கள் பஸ்ஸில் அவன் பேச்சுக்குத்தான் மதிப்பு.

"இன்னா மச்சான், நாலு வருசம்னா நாப்பத்தெட்டு மாசம். பெருக்கிக் கூட்டிப் பாத்துட்டேன். லம்ப்சம்லதான் மூவாயிரம் ஜாஸ்தி கீது."

"நாப்பத்தெட்டு மாசத்தோட வேலைய வுட்டுப் போயிடப் போறியா? லம்ப்சம் ஒருதடவை வரும், போயிடும். பேசிக்ல ஏறுனது நிக்கும். ஓ.டி., பி.எஃப்., கிராஜுட்டி எல்லாம் அத வெச்சுதான். அடுத்த ஒப்பந்தமும் அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கும். அதுவும் லம்ப்சத்துக்கு அந்த மாசமே டாக்ஸ் புடிப்பான்."

"அடுத்தத அப்பால பாத்துக்கலாம். தீபாவளி வருது. ஒரு லட்சம் மொத்தமா கையில எப்பனா வந்துகீதா உனக்கு?"

பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணன் ஃபிளாட் வாங்கப் போறாரு, அதான் இந்தக் குதி குதிக்கிறாரு!"

பஸ்ஸே சிரித்தது. அதற்கு மேல் நான் என்ன பேசினாலும் அது ஃபிளாட்டுக்காகப் பேசியதாகத்தான் ஆனது. கணக்கு சரியா தப்பா என்று ஒரு ஆள் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் பெருங்களத்தூர் ஸ்டாப்பிலேயே இறங்கிவிடலாமா என்றிருந்தது.

மண்டபத்தில் எங்கள் பஸ் லம்ப்சத்துக்கு மொத்தமாகக் கை தூக்கியது. இரண்டாவதற்கு நான் மட்டும் தூக்கினேன். நண்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "மானத்த வாங்காத மச்சான்" என்றான். வேறு பஸ்களில் ஆங்காங்கே சில கைகள். அவ்வளவுதான்.

லம்ப்சம் வந்தது. சம்பள ரசீதில் வரிப் பிடித்தத்தைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஒரே கூச்சல். நண்பன் என்னிடமே திரும்பி, "டாக்ஸ் இவ்ளோ புடிப்பான்னு முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்றான். எதில் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை எனக்கு.

வங்கி அதிகாரி என் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஒரு லட்சம் மாசா மாசம் வருமா சார்?" வராது என்றேன். "அப்ப இத நாங்க கணக்குல சேக்க முடியாது." அந்த ஃபிளாட் வேறு யாருக்கோ போனது. லம்ப்சம் வீட்டு வாடகையிலும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திலும் கரைந்தது. முன்பணத்துக்கு எடுத்து வைத்திருந்த நகையை மனைவி திரும்பப் பெட்டியில் வைத்தாள்.

நாலு வருடம் முடிந்தது. அடுத்த ஒப்பந்தம் பழைய, குறைந்த சம்பளத்தின் மேல்தான் பேசப்பட்டது, அதுவும் இழுத்து இழுத்து. ஆனாலும் இந்த முறை உயர்வு கொஞ்சம் நன்றாகவே வந்தது. புது ரசீதை எடுத்துக்கொண்டு மனைவியோடு அதே வங்கிக்குப் போனேன். அதிகாரி மாறியிருந்தார். இளம்பெண். பொறுமையாகப் பார்த்தார்.

"சம்பளம் ஓகே சார். ஆனா உங்களுக்கு ரிட்டயர்மென்ட் ஐம்பத்தெட்டுல. மிச்சம் இருக்கற வருஷத்துக்குள்ள கட்டி முடிக்கணும்னா மாசத் தவணை ரொம்ப அதிகமாயிடுது. இந்த சம்பளம் தாங்காது." கொஞ்சம் யோசித்துவிட்டு, உண்மையான வருத்தத்தோடு சொன்னார். "ஒரு நாலு வருஷம் முன்னாடி வந்திருக்கலாமே சார்."

"வந்தோம்மா" என்றாள் மனைவி.